நெருஞ்சில் டப்பாவும் பூஜ்ஜியம் வந்த ரிப்போர்ட்டும்

கேள்வி: எனக்கு வயது 31, ஊர் திருப்பூர். கல்யாணமாகி இரண்டு வருடம். ஏழு மாதமாக ஜிம் மாஸ்டர் சொன்ன 'டெஸ்டோ பூஸ்டர்' கேப்ஸ்யூல் காலையும் இரவும் போடுகிறேன். டப்பாவில் நெருஞ்சில், வெந்தயம், அஸ்வகந்தா, துத்தநாகம் என்றுதான் போட்டிருக்கிறது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பரும் இருக்கிறது. முதல் இரண்டு டப்பாவில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதிலிருந்து உடம்பு நன்றாக ஏறியது, ஒன்பது கிலோ கூடினேன். குழந்தை தங்கவில்லை என்று மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டோம், எல்லாம் நார்மல். போன வாரம்தான் எனக்கு எடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியம். டெஸ்டோஸ்டிரோன் 58, எல்.எச். 0.2, எஃப்.எஸ்.எச். 0.4, புரோலாக்டின் நார்மல். எஸ்.ஜி.பி.டி. 104, எச்.டி.எல். 16, ஹீமோகுளோபின் 17.8. ஹார்மோன் குறைவு, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாம் என்கிறார் எங்கள் டாக்டர். மூலிகையால் இப்படி ஆகுமா? ஊசி போடலாமா? எனக்குக் குழந்தை பிறக்குமா? ஸ்டென்ட் வைத்த என் சித்தப்பாவும் (58) இதே ஆட்களின் 'ஆண்களுக்கான' டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அவர் சாப்பிடலாமா?

பதில்: தம்பி, அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை இப்போது போட்டுக்கொள்ளாதீர்கள். சித்தப்பாவுக்கு இன்றைக்கே ஃபோன் பண்ணி அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணம் பின்னால் வருகிறது. நீங்கள் போடும் கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்ன, அதையும் இன்றே நிறுத்துங்கள்.

இனி மூலிகையைப் பற்றி. நெருஞ்சிலை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. நம் ஊர்த் தரிசிலும் வரப்பிலும் மஞ்சள் பூப்பூத்துக் காலில் முள் ஏற்றும் செடிதான் அது. சித்த மருத்துவத்தில் நெருஞ்சில் குடிநீரை நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுத்துவருகிறார்கள். அது ஜிம் அலமாரிக்கு வந்த வழி வேறு. பல்கேரியாவின் சோபியா நகரத்து மருந்து நிறுவனம் ஒன்று, 1980களின் தொடக்கத்தில் இந்தச் செடியின் சாற்றை மாத்திரையாக்கி விற்றது. அந்தக் காலத்தில் பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் உலகத்தையே மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பலத்தின் ரகசியம் நெருஞ்சில்தான் என்று ஒரு கதை அமெரிக்கா வரை போய், அங்கே டப்பாவில் அடைக்கப்பட்டு, உலகமெல்லாம் பரவியது. அதே பல்கேரிய அணிதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை ஊக்கமருந்துச் சோதனையில் பறிகொடுத்து, மிச்சப் போட்டிகளைக் கைவிட்டு ஊர் திரும்பியது. சோதனையில் சிக்கியது ஃபுரோசமைடு என்ற, சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. எடையைச் சட்டென்று குறைக்கவும், உடம்பில் இருக்கும் வேறு மருந்துகளின் தடத்தைக் கழுவிவிடவும் அதைப் பயன்படுத்துவார்கள். நெருஞ்சில் கதையைச் சொல்லும் விற்பனையாளர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

நெருஞ்சிலில் உள்ள புரோட்டோடயோசின் என்ற பொருள் மூளையைத் தூண்டி எல்.எச். ஹார்மோனைக் கூட்டும், அதனால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்பதுதான் டப்பாக்காரர்களின் வாதம். இதைப் பல்கேரியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் வெளியான ஆய்வு அது. ஆரோக்கியமான 21 இளைஞர்கள், நான்கு வாரம், உடல் எடைக்குத் தக்க அளவில் நெருஞ்சில் சாறு. எல்.எச். ஏறவில்லை, டெஸ்டோஸ்டிரோனும் ஏறவில்லை. ஆஸ்திரேலியாவில் ரக்பி வீரர்களுக்குத் தினம் 450 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பலமும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. உங்கள் முதல் இரண்டு டப்பாவில் 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நெருஞ்சில் மட்டும் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது மூன்றாவது டப்பாவை. உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே பார்க்கலாம். அதற்கு முன் உடம்பில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்.எச். விதைப்பைக்குப் போய் டெஸ்டோஸ்டிரோன் செய்யச் சொல்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணு வளர்க்கும் செல்களுக்கு வேலை கொடுக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை அதைக் கண்டுகொண்டு இரண்டையும் குறைத்துக்கொள்ளும். வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் தானாக நின்றுவிடும் மோட்டாரைப் போலத்தான். வெளியிலிருந்து லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தால் மோட்டார் ஓடவே ஓடாது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயனில்லை.

உங்கள் எல்.எச். 0.2, எஃப்.எஸ்.எச். 0.4. சாதாரணமாக இரண்டுமே ஒன்றரைக்கு மேல் இருக்க வேண்டியவை. மோட்டார் முழுக்க நின்றிருக்கிறது. டப்பா சொல்வதுபோல நெருஞ்சில் எல்.எச்.-ஐக் கூட்டியிருந்தால் இந்த எண் ஏறியிருக்க வேண்டும். டப்பாவின் வாதத்தை உங்கள் ரத்தமே மறுத்துவிட்டது.

இதற்கு அடுத்ததுதான் முக்கியம். உங்கள் டெஸ்டோஸ்டிரோன் 58 நானோகிராம். முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டும். உண்மையிலேயே ஹார்மோன் வற்றிப்போய் மாதக்கணக்கில் 58இல் இருக்கும் ஆளை நான் பார்த்தால் எப்படி இருப்பார்? தசை கரைந்திருக்கும், இடுப்பில் கொழுப்பு சேர்ந்திருக்கும், முகத்தில் களைப்பு தெரியும். டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி ரத்தச் சிவப்பணுக்களைச் செய்ய வைக்கும் ஹார்மோன். ஆகவே அது குறைந்தவருக்கு ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு புள்ளி இறங்கியிருக்கும். உங்களுக்கு ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது, ஹீமோகுளோபின் 17.8. இரண்டும் ஒத்துப்போகவில்லை. டெஸ்டோஸ்டிரோன் செய்யும் வேலையை எல்லாம் உங்கள் உடம்பில் வேறு ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறது. மூளையும் அதை டெஸ்டோஸ்டிரோன் என்றே எண்ணி மோட்டாரை நிறுத்திவிட்டது. லேபில் மட்டும் அது தெரியவில்லை. ஏனென்றால் லேப் சோதனை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஒரே மூலக்கூறைத்தான் தேடுகிறது. அதன் சாயலில் தொழிற்சாலையில் செய்த ஸ்டீராய்டுகளில் பலவற்றை அது அடையாளம் காணாது. இவற்றை அனபாலிக் ஸ்டீராய்டு என்கிறோம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு ரகம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மிச்ச இரண்டு எண்களும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கேயே பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால்தான் அதை ஊசியாகப் போடுகிறோம். விழுங்கினாலும் வேலை செய்ய வேண்டுமென்றால் கல்லீரல் உடைக்க முடியாதபடி மூலக்கூறில் ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டும். மெத்தில் டெஸ்டோஸ்டிரோன், ஸ்டானோசோலால், ஜிம்களில் 'டயனா' என்று புழங்கும் மெத்தாண்டியனோன் எல்லாம் இப்படிச் செய்தவை. கல்லீரலால் உடைக்க முடியாத பொருள் கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். உங்கள் எஸ்.ஜி.பி.டி. 104. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கனமான எடை தூக்குகிறவர்களுக்குத் தசையிலிருந்தும் எஸ்.ஜி.பி.டி. ஏறும். ஆகவே ஜிம்முக்கு ஒரு வாரம் லீவு விட்டு, ஜி.ஜி.டி., பிலிருபின், சி.பி.கே. மூன்றையும் சேர்த்து எடுங்கள். ஜி.ஜி.டி. தசையில் இல்லை, அது ஏறியிருந்தால் கல்லீரல்தான். எச்.டி.எல். 16 என்பதற்கு இப்படிச் சாக்கு எதுவும் இல்லை. நாற்பதுக்கு மேல் இருக்க வேண்டிய நல்ல கொழுப்பைப் பதினாறுக்குத் தள்ளுவதில் விழுங்கும் ஸ்டீராய்டுகளை மிஞ்ச ஆளில்லை. 31 வயதில், ஒல்லியாகவும் பயிற்சியோடும் இருக்கும் ஒருவரிடம் இந்த எண்ணைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது "என்ன மாத்திரை போடுறீங்க?" என்பதைத்தான்.

எல்.எச். இப்படி அடங்கிப்போக வேறு காரணங்களும் உண்டு. பிட்யூட்டரியில் கட்டி, அதிகப் புரோலாக்டின், நெடுநாள் போடும் அபின் வகை வலி மாத்திரைகள், உடம்பில் இரும்புச் சத்து சேரும் நோய் என்று பட்டியல் இருக்கிறது. புரோலாக்டின் நார்மல் என்பதாலும், தசையும் ஹீமோகுளோபினும் ஏறியிருப்பதாலும் உங்களுக்கு அவை பொருந்தவில்லை. தலைவலியோ, பார்வையின் இரு ஓரங்களும் மங்குவதோ இருந்தால் காத்திருக்காமல் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

நான் மூன்றாவது டப்பாவைச் சந்தேகிக்கிறேன். உறுதியாகச் சொல்ல அந்தக் கேப்ஸ்யூலைச் சோதித்தாக வேண்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாஸ்டர் அந்தச் சமயத்தில் சின்னக் கவரில் தனியாக மாத்திரை ஏதாவது கொடுத்தாரா? 'கட்டிங்' என்றோ 'பம்ப்' என்றோ பெயர் சொல்லி? புரோட்டீன் பவுடரை டப்பா இல்லாமல் லூஸாக வாங்கினீர்களா? ஊசி ஏதாவது? கடிதத்தில் விட்டிருந்தாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். யாரும் போலீஸுக்குச் சொல்லப்போவதில்லை.

டப்பாவில் இல்லாதது உள்ளே இருக்குமா என்றால், இருக்கும். ஜெர்மனியில் கொலோன் நகர விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஊக்கமருந்து ஆய்வகம், ஸ்டீராய்டு இல்லை என்று விற்ற 634 சப்ளிமெண்ட்களை 13 நாடுகளிலிருந்து வாங்கிச் சோதித்தது. முடிவு 2004இல் வெளியானது. 94இல், அதாவது ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் கிடைத்தன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் 2016 வரை மருந்து கலந்தவை என்று பிடித்த சப்ளிமெண்ட்கள் 776. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி 'ஆண்மைக்கு' விற்றவை, சுமார் எட்டில் ஒன்று தசை வளர்க்க விற்றவை. தசை ரகத்தில் பத்தில் ஒன்பதில் ஸ்டீராய்டோ அதை ஒத்த பொருளோ இருந்தது. கலப்படக்காரருக்கு இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வெறும் நெருஞ்சில் வேலை செய்யாது, வாங்கியவர் மறுபடி வரமாட்டார். கொஞ்சம் ஸ்டீராய்டு கலந்தால் மூன்றே வாரத்தில் கண்ணாடியில் வித்தியாசம் தெரியும், அவர் நான்கு நண்பர்களையும் கூட்டி வருவார். ஒரு பேட்சில் கலப்பார்கள், அடுத்ததில் கலக்கமாட்டார்கள். ஆகவே ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர் என்பதில் அர்த்தமில்லை.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பரைப் பற்றி. அந்தப் பதினான்கு இலக்கம் சொல்வது, இன்ன நிறுவனம் உணவுப் பொருள் செய்யவோ விற்கவோ உரிமம் வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான். உங்கள் கையிலிருக்கும் டப்பாவை யாரோ திறந்து சோதித்துப் பார்த்து முத்திரை குத்தினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வகைப் பொருள்களில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது என்பதுதான் நம் நாட்டு விதி. இல்லாத ஒருவரின் நம்பரை அச்சடித்துக்கொள்பவர்களும் உண்டு.

லேப் ரிப்போர்ட்டைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது உதவும். முடி உதிராமல் இருக்கப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஜிம் மல்டிவைட்டமின்களிலும் அது தாராளமாக இருக்கும். சில லேப் மெஷின்களில் அதிகப் பயோட்டின் டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றியும், எல்.எச்.-ஐப் பொய்யாக இறக்கியும் காட்டும். அச்சு அசல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவரின் ரிப்போர்ட் மாதிரியே வரும். உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கித்தான் இருக்கிறது, ஆகவே இது அந்தக் கேஸ் இல்லை. இருந்தாலும் சோதனைக்கு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்.

இப்போது ஊசி. உங்கள் டாக்டர் 58 என்ற எண்ணைப் பார்த்து நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். எல்.எச்.-ஐயும் சேர்த்துப் பார்த்தால், நின்றுபோன மோட்டாருக்கு மேலே இன்னொரு லாரித் தண்ணீரை ஊற்றுகிற வேலை அது. விந்தணு வளர ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் போதாது. விதைப்பைக்கு உள்ளே அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல் செறிவு வேண்டும். அந்தச் செறிவு எல்.எச். வந்து விதைப்பையே சுரந்தால்தான் கிடைக்கும். ஊசி போட்டால் ரத்தத்தில் எண் அழகாக 600 என்று வரும், உற்சாகமும் வரும், விதைப்பைக்குள் வறட்சி தொடரும். இது ஏதோ அபூர்வமான பக்க விளைவு இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு ஆண்களிடம் சோதித்திருக்கிறது. வாரம் 200 மில்லிகிராம் போட்டதில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே விந்தணு பூஜ்ஜியத்துக்கோ அதற்குப் பக்கத்திலோ போனது. குழந்தை வேண்டும் என்று வருகிறவருக்கு அதையே போட்டால் எப்படி?

அதே கருத்தடை ஆய்வுகளில்தான் உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கிறது. அப்படிப் போட்டுக்கொண்டு நிறுத்திய ஆண்களின் கணக்கையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பேருக்கும், ஒரு வருடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும், இரண்டு வருடத்துக்குள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரு மில்லிக்கு இரண்டு கோடி விந்தணு என்ற அளவு திரும்பியது. அவர்கள் சுத்தமான மருந்தை, அளவோடு, கண்காணிப்பில் எடுத்தவர்கள். உங்கள் டப்பாவில் என்ன, எவ்வளவு என்று தெரியாது. வருடக்கணக்கில் பலவற்றைக் கலந்து போட்டவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மூன்றாவது டப்பாவிலிருந்து என்றால் உங்களுக்கு நான்கைந்து மாதம்தான். நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

திரும்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எல்.எச்., எஃப்.எஸ்.எச். கண் திறக்கும். அதன்பின் சில வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். விந்தணு கடைசியாக வரும். ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும், வெளியே வரும் பாதையில் இன்னும் ஓரிரு வாரம். ஆகவே இன்று நிறுத்திவிட்டு அடுத்த மாதமே விந்துப் பரிசோதனை எடுப்பது வீண்செலவு, வீண்பயம். ஆறாவது வாரம் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மட்டும். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி அந்த மூன்றும், கூடவே விந்துப் பரிசோதனை. அதற்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். பூஜ்ஜியம் என்று வந்தால், மாதிரியைச் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தீர்களா என்று லேபில் கேளுங்கள். அப்படிப் பார்த்து ஒன்றிரண்டு விந்தணு கண்ணில் பட்டால்கூட அது பெரிய செய்தி.

நடுவில் ஒரு மோசமான காலம் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து வந்தது நின்றுவிடும், உடம்பே செய்வது இன்னும் தொடங்கியிருக்காது. முதல் சில வாரங்களில் சோர்வு, எரிச்சல், தூக்கம் கெடுவது, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, விறைப்பு சரியாக வராமல் போவது எல்லாம் இருக்கும். ஏறிய ஒன்பது கிலோவில் பாதிக்கு மேல் கண்முன்னே இறங்கும். 'டப்பா போட்டப்போ நல்லாத்தானே இருந்தேன்' என்று திரும்பப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் போகிறார்கள். மனது மிகவும் தளர்ந்து வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் அன்றைக்கே வீட்டில் சொல்லி டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு நிறுத்தியவர்களுக்கு அது வரக்கூடியது, வைத்தியமும் இருக்கிறது. அதேபோல உடம்பெங்கும் அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறம், கண் மஞ்சள் என்றால் மூன்று மாதக் கணக்கெல்லாம் இல்லை, அன்றே ஆஸ்பத்திரி. கேப்ஸ்யூலை நிறுத்தி இரண்டு வாரம் கழித்தும் அது வரலாம். கல்லீரல் எண்கள் சரியாகும்வரை மது வேண்டாம்.

மூன்று மாதத்தில் எல்.எச். ஏறத் தொடங்கியிருந்தால் நான் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். ஏறவே இல்லை என்றால் மருந்து உண்டு. எச்.சி.ஜி. ஊசி எல்.எச்.-இன் வேலையை நேரடியாகச் செய்யும், வாரத்தில் இரண்டு மூன்று முறை போட வேண்டும். குளோமிஃபீன் மாத்திரை மூளையைத் தட்டி எழுப்பும். பெண்களுக்குக் கருமுட்டை வளரக் கொடுக்கும் மாத்திரை அது. மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பொருட்படுத்த வேண்டாம். தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்ப்போம். எது, எவ்வளவு, எந்த வரிசையில் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதால் ஹார்மோன் மருத்துவரிடமோ ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் யூராலஜிஸ்டிடமோ போங்கள். இதே மருந்துகளை 'பி.சி.டி. கோர்ஸ்' என்ற பெயரில் ஜிம்மிலேயே கிட்டாக விற்பார்கள். டப்பாவைக் கொடுத்த கையிலிருந்து அதையும் வாங்காதீர்கள். மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை. முப்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் மூன்று மாதம் காத்திருப்பதுகூட அதிகம், மருந்தை முன்கூட்டியே தொடங்குவது பற்றி முதல் சந்திப்பிலேயே பேசுங்கள்.

எண்ணிக்கை பூஜ்ஜியம் என்றதும் சில மையங்களில் விதைப்பையில் ஊசி குத்தி விந்தணு தேடலாம், நேராக டெஸ்ட் டியூப் முறைக்குப் போகலாம் என்பார்கள். உங்கள் எஃப்.எஸ்.எச்.-ஐ அவர்களிடம் காட்டுங்கள். விதைப்பையே பழுதான ஆணுக்கு மூளை கத்திக் கத்தி எஃப்.எஸ்.எச். மேலே இருக்கும். உங்களுக்கு அது 0.4. விதைப்பைக்கு உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான். உத்தரவே வராத விதைப்பையைக் குத்திப் பார்த்து என்ன கிடைக்கும்? டாக்டர் கையால் தொட்டு அளவு பார்க்கட்டும், சிறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், எல்.எச். திரும்பினால் அதுவும் திரும்பும். நரம்புச் சுருட்டு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவார். மனைவிக்கு இனி ஒரு டெஸ்ட்டும் வேண்டாம். அவர் பட்டது போதும். ரிப்போர்ட் உங்களுடையது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். 'ஆண்களுக்கான' டப்பாக்களில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லை, சில்டெனாஃபில் அல்லது டடாலாஃபில். வயாக்ரா வகை மருந்துகள். இவை ரத்தக் குழாயைத் தளர்த்துபவை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் மாத்திரையும் ரத்தக் குழாயைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரி போனாலும் 'ஒரு மாத்திரையும் போடவில்லை' என்றுதான் சொல்வார், அங்கே டாக்டரும் நைட்ரேட் கொடுத்துவிடுவார். ஏற்கெனவே அவர் ஒன்றிரண்டு போட்டிருந்தால் எப்போது போட்டார் என்று கேட்டு அவரது இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு உண்மையிலேயே அந்தப் பிரச்சினை இருந்தால் அதையும் வெட்கப்படாமல் அதே மருத்துவரிடம் கேட்கலாம்.

மிச்சமிருக்கும் கேப்ஸ்யூலைக் குப்பையில் போடாதீர்கள். மூடி, லேபிள், பேட்ச் நம்பரோடு ஒரு கவரில் ஒட்டி வையுங்கள், பில் இருந்தால் அதையும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-இன் புகார்ச் செயலியிலும் போடலாம். கடையிலிருந்து அவர்களே மாதிரி எடுத்தால்தான் வழக்குக்கு நிற்கும், ஆகவே எந்தக் கடை, எந்தப் பேட்ச் என்று தெளிவாக எழுதுங்கள். அதே மாஸ்டரிடம் அதே டப்பாவை வாங்கிய நண்பர்கள் இருந்தால், எல்.எச். சோதனை ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாவது வார ரிப்போர்ட் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள். மாஸ்டர் கவரில் கொடுத்தது ஏதாவது நினைவுக்கு வந்தால் அதையும்.